டி-துண்டும் இரண்டு தாள்களும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறைக்குள் போனால், மேசை மீது எண்ணெய்க் கறையோடு ஓர் அட்டை கிடக்கும். அதில் ஒரு தாள் செருகியிருக்கும். முதல் கட்டத்தில் வரைபடம் சொல்லும் அளவு, அடுத்ததில் அளந்து பார்த்த அளவு, கடைசியில் குறிப்பு. இதை அங்கே இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் என்பார்கள். 'சுமார்', 'நன்று', 'மிக நன்று' என்று மூன்று தரங்கள் அதில் கிடையாது. துண்டு எப்படி இருக்க வேண்டும் என்பது ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருக்கும். மற்றதெல்லாம் இந்தத் துண்டு அதிலிருந்து எங்கே, எவ்வளவு விலகியது என்ற செய்திதான்.

அதே அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. 1964-ல் தொடங்கிய இந்தப் பேட்டைக்கும், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பட்டறைகளுக்கும் ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று ஆள் உருவாகி வருவது இத்தகைய ஐ.டி.ஐ.க்களிலிருந்துதான். அங்கே மாணவர் செய்த துண்டை மதிப்பிட வேண்டிய முறையை மத்திய அரசின் பயிற்சி இயக்ககம் பாடத்திட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அது மூன்று படிகள் கொண்டது. பட்டறைத் தாளும் பயிற்சிக்கூடத் தாளும் அளப்பது ஒரே இரும்பைத்தான். இருந்தும் இரண்டும் இருவேறு விதமாகப் பேசுகின்றன. அந்த வேறுபாட்டைப் பார்ப்பதுதான் இக்கட்டுரை.

மாணவரின் வேலையை எந்தெந்தக் கோணத்தில், என்ன தரத்தில் பார்க்கிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் தாளுக்கு ஆசிரியர்கள் ரூப்ரிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வழக்கமான ரூப்ரிக்கில் ஒவ்வொரு கோணத்துக்கும் மூன்று, நான்கு படிகள் இருக்கும். ஒவ்வொரு படியும் எப்படி இருக்கும் என்ற விவரிப்பும் இருக்கும். ஒற்றைநிலை ரூப்ரிக்கில் எட்ட வேண்டிய நிலை மட்டும் நடுவில் எழுதப்பட்டிருக்கும். இடப்பக்கம் வெற்றிடம்: எட்டாதது என்ன என்று எழுத. வலப்பக்கமும் வெற்றிடம்: நன்றாக வந்தது என்ன என்று எழுத. 2000-ஐ ஒட்டி மேரி டீட்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இந்த வடிவத்தை முன்வைத்ததாகச் சொல்வார்கள். 2010-ல் ஜரீன் ஃப்ளக்கிகர் அதை மாணவரே தம்மை மதிப்பிட்டுக்கொள்ளும் கருவியாக விளக்கி எழுதினார். பள்ளிக் கட்டுரைகளுக்காகப் பிறந்த வடிவம் இது. ஆனால் பட்டறைத் தாளைப் பார்த்தவருக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது. தொழில் வரைபடம் என்பதே ஒற்றைநிலைதான்; கெட்டுப்போன துண்டு எப்படி இருக்கும் என்று எந்த வரைபடமும் வரைந்து காட்டுவதில்லை.

இனி ஐ.டி.ஐ.யின் மூன்று படிகள். செய்முறையில் தேற 60 விழுக்காடு வேண்டும் (எழுத்துத் தேர்வுக்கு 33 போதும், கைவேலைக்கு எவ்வளவு எடை தருகிறார்கள் என்பது இதிலேயே தெரியும்). 60 முதல் 75 வரை முதல் படி: அவ்வப்போது வழிகாட்டினால் ஏற்கத்தக்க தரத்தில் செய்கிறவர். 75 முதல் 90 வரை அடுத்தது: கொஞ்சம் வழிகாட்டினால் போதும், நியாயமான தரம். 90-க்கு மேல் கடைசிப் படி: உதவி அநேகமாக வேண்டாம், உயர்ந்த தரம். ஒவ்வொரு படிக்கும் சான்றாகக் கருவிகளைக் கையாளும் திறன், துண்டின் துல்லியம், முடிப்பின் நேர்த்தி, வாங்கிய உதவி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. சில ஆண்டுகளுக்கு முந்தைய பதிப்புகளில் துல்லியத்துக்கு எண்ணும் உண்டு: முதல் படிக்கு 60 முதல் 70 விழுக்காடு, இரண்டாவதற்கு 70 முதல் 80, மூன்றாவதற்கு 80-க்கு மேல்.

இதைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மூன்று படிகள் நாடு முழுவதும் எல்லாத் தொழிற்பிரிவுக்கும் சேர்த்து எழுதப்பட்டவை. ஃபிட்டருக்கும் அதே வாக்கியம். மற்றத் தொழிலுக்கும் ஏறக்குறைய அதேதான். அந்த வேலைக்கு வேறு எப்படியும் எழுத முடியாது. ஓர் ஊரின் 78-ம் இன்னோர் ஊரின் 78-ம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். மாணவரின் கையைத் திருத்துவதற்காக அது எழுதப்படவில்லை.

வேறுபாடு துண்டைக் கையில் எடுக்கும்போதுதான் தெரியும். ஃபிட்டர் பிரிவில் எல்லாரும் செய்யும் ஒரு ஜாப் டி-ஃபிட்டிங். ஆங்கில டி எழுத்து வடிவில் ஓர் ஆண் துண்டு. அது போய் உட்காரும் குழி வெட்டிய பெண் துண்டு. அளவில் கூடக்குறைய 0.2 மில்லிமீட்டர், கோணத்தில் 1 பாகை வரை விடலாம் என்பது பாடத்திட்டம் தரும் எல்லை. ஒரு வகுப்பை மனத்தில் வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் டி-யின் தலை 48 மி.மீ., கீழே தொங்கும் தண்டின் அகலம் 16. இரண்டு துண்டுக்கும் சேர்த்துப் பத்து அளவுகள். ஒரு மாணவர் யாரிடமும் எதுவும் கேட்காமல் வேலையை முடித்துக் கொண்டுவருகிறார். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெர்னியரில் அளந்தால் பத்தில் ஒன்பது அளவு எல்லைக்குள். தவறிய ஒன்று தண்டின் அகலம். வேரில் 15.90 இருக்கிறது, நுனியில் 15.70, எல்லை 15.80. பெண் துண்டின் குழி 16.10, அது சரி. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் லொடலொடவென்று ஆடுகிறது. நுனியில் 0.40 இடைவெளி.

மூன்று படித் தாளில் இதற்கு என்ன மதிப்பெண்? ஒரு பயிற்றுநர் எண்ணிப் பார்க்கிறார்: பத்தில் ஒன்பது, ஆக 90 விழுக்காடு துல்லியம், நேர்த்தி உயர்தரம், உதவி வாங்கவில்லை. 91 போடுகிறார். பக்கத்து மேசைப் பயிற்றுநர் துண்டை ஆட்டிப் பார்க்கிறார்: ஃபிட்டிங் என்று பெயர், பொருந்தவே இல்லையே! 65 போடுகிறார். இருவரும் நேர்மையானவர்கள்தான், இருவருமே தாளில் உள்ளதைத்தான் பின்பற்றினார்கள். துல்லியத்தின் விழுக்காடு என்பது எண்ணிக்கையா, நெருக்கமா, பொருத்தமா என்று தாள் சொல்லவில்லை. புதிய பதிப்பில் அந்த எண்ணை எடுத்துவிட்டால் குழப்பம் குறைந்துவிடாது. 'நல்ல', 'உயர்ந்த' என்ற உரிச்சொற்களுக்குள் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. 91 வந்தாலும் 65 வந்தாலும், அடுத்த டி-யை அந்த மாணவர் இதே மாதிரிதான் செய்வார்.

ஏனென்றால் தவறு தண்டில் இல்லை. தண்டு ஏன் நுனியில் மட்டும் மெலிந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெண் துண்டின் குழியை வெட்ட வரிசையாகத் துளை போட்டு, உளியால் தட்டி எடுத்து, பிறகு அரத்தால் அராவி நேராக்குவார்கள். கடைசியில் மிஞ்சுவது உள்மூலை. சாதாரண அரத்தின் விளிம்பு அங்கே முழுதாகப் போகாது. கண்ணுக்குத் தெரியாத சின்ன வளைவு தங்கிவிடும். அதனால்தான் மூலையில் முன்கூட்டியே ஒரு சிறு துளையோ ஹாக்ஸா கீறலோ போட்டு வைப்பது வழக்கம். இந்த மாணவர் அதைச் செய்யவில்லை. டி-யைக் குழிக்குள் தள்ளிப் பார்த்திருக்கிறார். தண்டின் நுனி மூலையில் போய் இடித்திருக்கிறது. தண்டு பருமன் என்று நினைத்து நுனியை அராவியிருக்கிறார். மறுபடி தள்ளியிருக்கிறார், மறுபடி அராவியிருக்கிறார். கடைசியில் உட்கார்ந்தது, ஆனால் ஆடியது. நல்ல பயிற்றுநர் 15.90, 15.70 என்ற இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்ததுமே இந்தக் கதை முழுவதையும் ஊகித்துவிடுவார். "மூலையில இடிக்குது, நீ தண்டைத் தேய்ச்சிருக்கியேப்பா" என்பார். மூன்று படித் தாளில் இந்த வாக்கியத்துக்கு இடம் இல்லை. அது பயிற்றுநரின் வாயோடு போகிறது. மாணவர் காதில் விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அதே துண்டுக்கு ஒற்றைநிலைத் தாள் இப்படி நிரம்பும்:

| இன்னும் வேண்டியது | எட்ட வேண்டிய நிலை | நன்றாக வந்தது |
|---|---|---|
| தண்டு வேரில் 15.90, நுனியில் 15.70. | எல்லா அளவும் வரைபடத்திலிருந்து ±0.2 மி.மீ.க்குள். | மற்ற ஒன்பதும் எல்லைக்குள். |
| | பக்கங்கள் செங்கோணத்தில், 1 பாகைக்குள். | அடிப்பக்கத்தை முதலில் நேராக்கி, எல்லாவற்றையும் அதிலிருந்தே குறித்திருக்கிறாய். |
| 0.35 ஃபீலர் நுழைகிறது. உள்மூலை சுத்தமாகவில்லை, அங்கே இடித்ததற்குத் தண்டைக் குறைத்திருக்கிறாய். | டி கையால் அழுத்தினாலே உட்காரும், உட்கார்ந்தபின் 0.2 ஃபீலர் எங்கும் நுழையாது. | |
| ஆண் துண்டை முடித்த பிறகு அதைத் தொடக்கூடாது. அடுத்த முறை நீலம் பூசிப் பார். | ஆண் துண்டை முதலில் முடித்து, அதையே அளவுகோலாக வைத்துப் பெண் துண்டை அராவுவது. | |

நடுப்பத்தியில் முதல் இரண்டு வரியும் பாடத்திட்டத்தின் எல்லைகள்தான். மூன்றாவதும் நான்காவதும் பயிற்றுநர் தாமாகச் சேர்த்தவை, என் கணக்கில் அவைதான் முக்கியமானவை. ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக எல்லைக்குள் இருந்தாலும் ஜோடி ஆடலாம். ஒன்று 15.80, மற்றது 16.20 என்றால் வரைபடப்படி இரண்டும் சரி, சேர்ந்தால் 0.40 இடைவெளி. எனவே பொருத்தத்தைத் தனி வரியாக எழுதியே ஆக வேண்டும். நான்காவது வரி துண்டைப் பற்றியது அல்ல, துண்டு செய்த வரிசையைப் பற்றியது. கையிலிருக்கும் இரும்பைப் பார்த்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது. வைஸ் அருகே நின்று பார்த்திருக்க வேண்டும். ஒற்றைநிலைத் தாளை ஜாப் முடிந்த பிறகு மட்டும் எடுத்தால் இந்த வரி எப்போதும் வெறுமையாகவே இருக்கும். பாதுகாப்பு விஷயமும் அப்படித்தான்: பிடி கழன்ற அரத்தைப் பயன்படுத்தினாரா என்று முடிந்த துண்டு சொல்லாது.

நீலம் பூசுவது என்றால், ஆண் துண்டின் மேல் பிரஷ்யன் நீலத்தை மெல்லியதாகத் தடவிக் குழிக்குள் அழுத்தி எடுப்பது. எங்கே இடிக்கிறதோ அங்கே பெண் துண்டில் நீலம் ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளியை மட்டும் அராவ வேண்டும். இடப்பத்தியில் எழுதும் குறிப்பு இந்த அளவுக்கு இறங்கி வந்தால்தான் பயன். 'துல்லியம் போதவில்லை' என்று எழுதினால் அது மூன்று படித் தாளின் முதல் படியை வேறு இடத்தில் மறுபடி எழுதியதுதான்.

வலப்பத்தியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பள்ளிக் கட்டுரைக்கு இந்தத் தாளைப் பயன்படுத்துகிறவர்கள் அந்தப் பத்தியை 'இலக்கைத் தாண்டியது' என்று படிப்பார்கள். ஃபிட்டர் வேலைக்கு அந்தப் பொருளில் எடுக்கக்கூடாது. 0.2 எல்லை உள்ள இடத்தில் ஒருவர் 0.02-க்கு அராவிக்கொண்டு வந்தால் அது சிறப்பு அல்ல; அரைநாளை வீணடித்திருக்கிறார். பட்டறையில் அப்படிச் செய்கிறவரை மேஸ்திரி திட்டத்தான் செய்வார். ஆகவே வலப்பத்தியில் எழுத வேண்டியது அளவைத் தாண்டிய துல்லியத்தை அல்ல. அடுத்த ஜாப்பிலும் தொடர வேண்டிய பழக்கத்தை. அடிப்பக்கத்தை முதலில் நேராக்கி அதிலிருந்து எல்லாம் குறித்தது அப்படி ஒன்று. அவர் அதைத் தற்செயலாகச் செய்திருக்கலாம். தாளில் எழுதிவிட்டால் தெரிந்தே மறுபடி செய்வார். பட்டறையின் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் இல்லாதது இந்த ஒன்றுதான். அங்கே குறிப்புக் கட்டம் நிராகரிப்பின் காரணத்தை எழுதத்தான். நன்றாக வந்த துண்டுக்கு ஒரு டிக் போதும். துண்டுக்குப் பாராட்டு தேவையில்லை, கற்கிறவருக்குத் தேவை. பட்டறைத் தாளை அப்படியே பயிற்சிக்கூடத்துக்குக் கொண்டுவர முடியாது என்பது இதனால்தான்.

இப்போது மறுபக்கம். ஒற்றைநிலைத் தாளுக்கு மதிப்பெண் போடத் தெரியாது. மேலே நிரப்பிய தாளைப் பார்த்து 65-ஆ 78-ஆ 91-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. வரிக்கு 25 என்று பிரித்துப் போட்டால் அது நான்கு வரிச் சரிபார்ப்புப் பட்டியலாகக் குறுகிவிடும். ஐ.டி.ஐ.யில் மதிப்பெண் இல்லாமல் ஒரு நாளும் நகராது. ஒரு பக்கம் ஆவணம் கேட்கிறது, மறுபக்கம் கை திருந்த வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் செய்ய முயல்வதுதான் தவறு என்பது என் கட்சி. பழகும் ஜாப்களுக்கு ஒற்றைநிலைத் தாள், கணக்கில் ஏறும் ஜாப்புக்கு மூன்று படித் தாள். அதிலும் இரண்டையும் ஒரே நாளில் ஒன்றாகக் கொடுக்கக்கூடாது. 1988-ல் இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் பட்லர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது. குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். மதிப்பெண் கண்ணில் பட்டதும் மற்ற எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இதை ஆய்வு சொல்லித்தான் அறிய வேண்டும் என்பதில்லை. திருத்திய தாளைத் திருப்பிக் கொடுத்த எந்த வாத்தியாரும் பார்த்திருப்பார்.

இரண்டாவது சிக்கல் நேரம். ஃபிட்டர் பிரிவில் ஒரு யூனிட்டுக்கு 20 பேர். ஆளுக்கு நான்கு நிமிடம் உட்கார்ந்து எழுதினாலும் ஒரு ஜாப்புக்கு 80 நிமிடம். மூன்று படித் தாளில் வட்டம் போட அரை நிமிடம் போதும். இதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது: அளவுகளை மாணவரே அளந்து பென்சிலால் எழுதிக்கொண்டு வரட்டும். பயிற்றுநர் இரண்டு அளவை மட்டும் தாமே அளந்து பார்க்கிறார். அவை ஒத்துப்போனால் மற்றதை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கு அவருக்கு வேண்டியது அராவும் பாடம் அல்ல, வெர்னியர் பிடிக்கும் பாடம். ஃப்ளக்கிகர் இந்தத் தாளைத் தன்மதிப்பீட்டுக் கருவி என்று சொன்னது இந்த இடத்தில் நன்றாகப் பொருந்துகிறது. இலக்கு ஒன்றே ஒன்றாக, எண்ணாக எழுதியிருப்பதால்தான் மாணவரால் தாமே அளந்து எழுத முடிகிறது. 'நியாயமான கைவினைத் தரம்' எனக்கு வந்துவிட்டதா என்று பதினேழு வயதுப் பையன் தன்னைத்தானே எப்படிக் கேட்டுக்கொள்வான்?

மூன்று படி சரியாக வரும் இடங்களும் உண்டு. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. அதைத் தொடங்கி வைத்தது திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில். அங்கே நிலைகள் எதற்கு என்றால், ஆசிரியர் நாளை யாருக்கு எந்தப் பாடத்தை நடத்துவது என்று தீர்மானிக்க. மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு எழுத்துக் கூட்டும் குழந்தையின் முன் மலர் நிலையை மட்டும் எழுதி வைத்துவிட்டு இடப்பத்தியை நிரப்பத் தொடங்கினால் தாள் போதாது, குழந்தையும் சோர்ந்துவிடும். இலக்கு எட்டும் தொலைவில் இருக்கும்போதுதான் ஒற்றைநிலைத் தாள் வேலை செய்யும். முதல் வாரம் அரம் பிடிக்கிற மாணவருக்கு டி-ஃபிட்டிங்கின் நடுப்பத்தியைக் கொடுத்தாலும் இதே கதிதான். அவருக்கு நடுப்பத்தியில் இருக்க வேண்டியது ஒரே ஒரு தட்டைப் பரப்பு. டிரை ஸ்கொயரை வைத்தால் அடியில் வெளிச்சம் தெரியக்கூடாது, அவ்வளவே.

கடைசியாக, இந்தத் தாள் கெட்டுப்போவதை எப்படிக் கண்டுபிடிப்பது. அது கெடுவது வடிவத்தால் அல்ல, களைப்பால். பத்தாவது மாணவருக்கு வரும்போது பயிற்றுநரின் கை 'இன்னும் கவனம் தேவை' என்று எழுதத் தொடங்கும். வலப்பத்தியில் 'நன்று' வந்து உட்காரும். சோதனை எளிது. வகுப்பின் இருபது தாள்களிலும் பெயரை மடித்து மறைத்து, இருபது ஜோடி டி-துண்டுகளையும் மேசை மேல் பரப்பி, எந்தத் தாள் எந்தத் துண்டுக்கு என்று சக பயிற்றுநர் ஒருவரைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். தண்டு நுனி 15.70 என்றும் உள்மூலை என்றும் எழுதிய தாள் தன் துண்டைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். எல்லாத் துண்டுக்கும் பொருந்துகிற தாள்கள் ஒரு பக்கம் ஒதுங்கும். அந்தத் துண்டுகளை மறுபடி கையில் எடுத்து, ஃபீலரை நுழைத்துப் பார்த்து எழுத வேண்டும்.